கிளாரிஸ்ஸாவுக்கு யார் மாப்பிள்ளை? - ஒரு 275 வருஷச் சண்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியேன் பி.காம். இலக்கியம் படித்தவனில்லை. பத்து வருஷமாகக் கடன் விண்ணப்பங்களைப் படித்துப் படித்து, எதிலும் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கும் வியாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வியாதியோடுதான் இந்தப் பதிவும்.

நான் இருப்பது ராஞ்சி. தங்கமணியும் பொண்ணும் திருச்சி. பொண்ணுக்குப் பத்தாம் வகுப்பு, அதனால் இந்த ஏற்பாடு. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். சாப்டியா, படிச்சியா, மார்க் என்ன என்று மூன்று கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். போன மாதம் ஒரு நாள் அந்த மூன்றுக்கும் பதிலே வரவில்லை. விசாரித்தால், எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழியோடு பேச்சு நின்று பன்னிரண்டு நாளாகிறதாம். காரணம், ஹாரி பாட்டர். ஹெர்மயனி யாரோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதில் தகராறு. இவள் ரான் கட்சி. அவள் ஹாரி கட்சி.

"அது ஷிப்பிங்ப்பா, உனக்குப் புரியாது" என்றாள். என் பிழைப்பில் ஷிப்பிங் என்றால் பில் ஆஃப் லேடிங், கப்பல், கண்டெய்னர். இது வேறு ஷிப்பிங். 'ரிலேஷன்ஷிப்' என்பதன் வாலை மட்டும் வெட்டி எடுத்த சொல். 1993-ல் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் மல்டரும் ஸ்கல்லியும் காதலிக்க வேண்டும் என்று கொடி பிடித்த ரசிகர்களுக்கு 'ரிலேஷன்ஷிப்பர்' என்று பெயர் வந்து, அது தேய்ந்து 'ஷிப்பர்' ஆனது. கூடவே கூடாது என்ற எதிர்க்கட்சியும் அப்போதே இருந்தது.

புரியாது என்று பொண்ணு சொன்னதுதான் கொஞ்சம் குத்தியது. ஏனென்றால் (கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்கொள்ளவும்) 2005-ல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஹாரி - ஹெர்மயனி கட்சி. கூட வேலை பார்த்தவரோடு ஒரு பிளேட் பிரியாணி பந்தயம். அந்த வருஷம் ஜூலை 16-ம் தேதி ஆறாவது புத்தகம் வந்தது. அன்றைக்கே எடின்பரோவில் ரவுலிங்கை இரண்டு ரசிகர்கள் பேட்டி எடுத்தார்கள். ஹாரி - ஹெர்மயனி கட்சிக்காரர்களுக்குப் பிரமை பிடித்திருக்கிறது என்கிற மாதிரி பேட்டியெடுத்தவர்களில் ஒருவர் சொல்ல, ரவுலிங் அந்த வார்த்தையை ஏற்காமல், ஆனால் நான் போதுமான குறிப்பு கொடுத்திருக்கிறேனே என்று சொல்லிவிட்டார். எங்கள் கட்சிக்கு டெபாசிட் காலி. பிரியாணியும் காலி.

அதோடு முடிந்ததா? 2014-ல் எம்மா வாட்சன் எடுத்த ஒரு பேட்டியில் அதே ரவுலிங், ரானையும் ஹெர்மயனியையும் சேர்த்தது தன்னுடைய சொந்த ஆசைக்காகத்தான், கதைக்கு அது தேவைப்பட்டதால் இல்லை என்று ஒப்புக்கொண்டார். கணக்கை மூடி ஒன்பது வருஷம் கழித்து மறுபடி திறந்த மாதிரி. அந்தப் பிரியாணிக்கு வட்டியோடு கேட்கலாமா என்று யோசித்தேன். நண்பர் ரிட்டயர் ஆகிப் போய்விட்டார்.

இந்த மாதிரிச் சண்டை எப்போது ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டு போனால், கல்கத்தாவில் இருந்தபோது காலேஜ் ஸ்ட்ரீட்டில் வாங்கி, படிக்காமல் வைத்திருந்த ஒரு தலையணைப் புத்தகத்தில் போய் முடிந்தது. சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய 'கிளாரிஸ்ஸா'. நான் வைத்திருப்பது சுருக்கப் பதிப்பு. முழுசு ஏறக்குறைய பத்து லட்சம் வார்த்தை. அதற்கெல்லாம் வி.ஆர்.எஸ். வாங்கினால்தான் முடியும் :-)

ரிச்சர்ட்சன் லண்டனில் அச்சகம் நடத்தியவர். ஐம்பது வயதைத் தாண்டி, 1740-ல் 'பமீலா' என்று முதல் நாவல் எழுதினார். வேலைக்காரப் பெண்ணைக் கெடுக்கப் பார்க்கிற எஜமான், அவள் உறுதியைப் பார்த்துத் திருந்தி, அவளையே கல்யாணம் செய்துகொள்கிறான். ஏகப்பட்ட வரவேற்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தது கிளாரிஸ்ஸா. பணக்கார வீட்டுப் பெண். பிடிக்காத ஒரு மாப்பிள்ளையைக் கட்டிவைக்க வீட்டில் நெருக்குகிறார்கள். லவ்லேஸ் என்று ஒருவன் காப்பாற்றுகிற மாதிரி நடித்து, தந்திரமாக அவளை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்து தன் வலைக்குள் வைத்துக்கொள்கிறான். அழகன், பேச்சில் மன்னன், சிரிக்க வைப்பான். கதை முழுக்கக் கடிதங்களாகவே நகரும். அவள் தோழிக்கு எழுதுவது, அவன் நண்பனுக்கு எழுதுவது என்று. அடுத்து என்ன நடக்கும் என்பது கடிதம் எழுதுகிறவருக்கே தெரியாது. நமக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம், புத்தகம் ஒரே மூச்சில் வரவில்லை. முதல் இரண்டு பாகம் 1747 டிசம்பரில். அடுத்த இரண்டு 1748 ஏப்ரலில். மிச்ச மூன்று 1748 டிசம்பரில். நடுவே எட்டு மாத இடைவெளி. பெண் அவன் பிடியில், கதை பாதியில். வாசகர்கள் என்ன செய்வார்கள்? அவர்களே மிச்சக் கதையை எழுத ஆரம்பித்துவிட்டார்கள், மனதுக்குள். ஜோடிப் பித்து முளைப்பது இந்த இடைவெளியில்தான் என்று எனக்குப் படுகிறது. முடிந்த கதையைப் படிக்கிறவன் வாசகன். முடியாத கதையைக் கையில் வைத்திருக்கிறவன் பங்குதாரன். கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஆசை, தன் அனுபவம், தான் பார்த்த கல்யாணங்கள் எல்லாவற்றையும் அதில் போடுகிறான். போட்டபிறகு அது ரிச்சர்ட்சன் கதை மட்டுமில்லை, அவன் கதையும்தான். ஹாரி பாட்டர் புத்தகங்களுக்கு நடுவே வருஷக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கும் இதுதான் நடந்தது.

1748 அக்டோபரில், அந்த இடைவெளி முடிவதற்கு முன்னால், ரிச்சர்ட்சனுக்கு ஒரு கடிதம் வந்தது. 'பெல்ஃபோர்' என்று கையெழுத்து. கிளாரிஸ்ஸா சாகப்போகிறாள் என்று ஊரில் பேச்சு, அது நிஜமா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், லவ்லேஸைத் திருத்தி இருவருக்கும் கல்யாணம் செய்துவையுங்கள் என்று மன்றாட்டு. பதிலை ஒரு செய்தித்தாளில் விளம்பரமாகப் போடும்படி கோரிக்கை. கூடவே, கேட்காவிட்டால் இன்னின்ன கேடு உமக்கு வரட்டும் என்று சாபம் வேறு! அந்த லவ்லேஸைத் தனக்குப் பிடித்துத் தொலைக்கிறது என்கிற ஒப்புதலும் உண்டு.

பெல்ஃபோர் என்பது புனைபெயர். எழுதியவர் லங்காஷயரில் ஹேய் என்ற ஊரின் சீமாட்டி, லேடி பிராட்ஷா. நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் ஆகி நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிற பெண்மணி. விடலைப் பெண் இல்லை என்பதைக் கவனிக்கவும். "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்" என்று என் பொண்ணைப் பற்றித் தங்கமணி சொன்னபோது எனக்கு இவர்தான் நினைவுக்கு வந்தார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்ததா? ஆதாரத்தைப் பார்த்தால், இருந்தது. கெட்டவன் திருந்தி, கெடுக்கப் பார்த்தவளையே கட்டிக்கொள்ளும் கதையை எட்டு வருஷத்துக்கு முன்னால் எழுதி ஊரைக் கவர்ந்தவர் இதே ரிச்சர்ட்சன்தான். பமீலாவுக்குச் செய்ததை கிளாரிஸ்ஸாவுக்கு ஏன் செய்யக்கூடாது? பழைய வாடிக்கையாளர் பழைய வட்டி விகிதத்தைக் கேட்கிற மாதிரி.

ரிச்சர்ட்சன் மசியவில்லை. திருந்திய பொறுக்கிதான் நல்ல புருஷனாவான் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை உலவியது. அதை உடைக்கத்தான் இந்தப் புத்தகமே என்றார். டிசம்பரில் கடைசி பாகங்கள் வந்தன. லவ்லேஸ் கிளாரிஸ்ஸாவுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பலாத்காரம் செய்கிறான். பிறகு கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறான். எல்லோரும் சரி என்று சொல்லச் சொல்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். மெல்ல மெல்ல நலிந்து இறக்கிறாள். அவனும் பின்னால் ஒரு வாள்சண்டையில் செத்துப்போகிறான்.

லேடி பிராட்ஷா படித்தார். அழுதார், புத்தகத்தைக் கீழே போட்டார், மறுபடி எடுத்தார். கணவர், போதும் படிக்காதே என்று கெஞ்சும் அளவுக்குப் போயிற்று. இதையெல்லாம் அவரே ரிச்சர்ட்சனுக்கு எழுதினார்.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஜோடிப் பித்தின் பெரிய ஆபத்து எதுவென்று கேட்டால், அடிதடியைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன். இந்த இரண்டு பேரும் சேரவேண்டும் என்று ஒரு முறை மனது முடிவு செய்துவிட்டால், நடுவில் நடக்கும் எதையும் அந்த முடிவுக்கு வழியாகவே அது பார்க்கிறது. அவன் பொய் சொன்னால், காதலில் சகஜம். அடைத்து வைத்தால், பிரிய மனமில்லை. ஒரு கட்டத்தில் குற்றம் நடந்தபிறகும், கட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. இந்தத் தீர்ப்பு நமக்கு ஒன்றும் புதிதில்லை. எத்தனை ஊர்ப் பஞ்சாயத்தில், எத்தனை தமிழ்ப் படத்தில் "கெடுத்தவனே தாலி கட்டட்டும்" என்று கேட்டிருக்கிறோம்? கிளாரிஸ்ஸா மாட்டேன் என்று சொன்னது 1748-ல். அவளைப் படித்துக் கண்ணீர் விட்டவர்களே அவள் சொன்னதை முழுசாகக் கேட்கவில்லை.

ரிச்சர்ட்சனே இதைப் பார்த்துப் பயந்துபோனார். வாசகர்களுக்கு லவ்லேஸை இவ்வளவு பிடிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 1749-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அவனுடைய வஞ்சகத்தைச் சுட்டிக்காட்டி அடிக்குறிப்புகள் சேர்த்தார். 1751-ல் மூன்றாம் பதிப்பில் அவனை இன்னும் கறுப்பாக்கும் பகுதிகளைச் சேர்த்தார். எழுதிய கதைக்கு எழுதியவரே "எச்சரிக்கை" ஒட்டவேண்டி வந்தது. அப்படியும் லவ்லேஸ் ரசிகர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆஃபர் டாக்குமெண்டில் பொடி எழுத்தில் போடும் எச்சரிக்கையை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

சரி, இதில் நல்லதே இல்லையா? இருக்கிறது. அதற்கும் லேடி பிராட்ஷாதான் சாட்சி.

கடிதம் அத்தோடு நிற்கவில்லை. புனைபெயரிலேயே தொடர்ந்தது. கிளாரிஸ்ஸா ஏன் அப்படிச் செய்தாள், கீழ்ப்படிதல் எதுவரை, நல்ல கணவன் என்றால் யார், பெண் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டால் என்ன என்று பேச்சு விரிந்தது. அந்தக் காலத்தில் ஒரு சீமாட்டி முன்பின் தெரியாத ஓர் அச்சகக்காரரோடு இதையெல்லாம் நேரடியாகப் பேசியிருக்க முடியுமா? கிளாரிஸ்ஸாவைப் பற்றிப் பேசுகிறோம் என்கிற சாக்கு இருந்ததால் முடிந்தது. 1750-ல் இருவரும் லண்டனில் சந்தித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வேடிக்கை நடந்தது. தான் பூங்காவில் நடக்கும்போது அடையாளம் தெரியட்டும் என்று ரிச்சர்ட்சன் தன் குள்ளமான, பருத்த உருவத்தைத் தானே கடிதத்தில் வர்ணித்து அனுப்பினார். அம்மணி முதலில் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டாரே தவிர, போய்ப் பேசவில்லை! 1761-ல் அவர் இறக்கும்வரை அந்த நட்பு இருந்தது.

லேடி பிராட்ஷா தன்னுடைய கிளாரிஸ்ஸா பிரதியின் ஓரங்களில் தன் ஆட்சேபணைகளை எழுதினார். அந்தப் பிரதியை ரிச்சர்ட்சனிடம் கொடுக்க, அவர் அதே ஓரத்தில் பதில் எழுதினார். அந்தப் பிரதி இன்றைக்கும் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது. லேடி பிராட்ஷாவின் சகோதரி லேடி எக்லின் இன்னும் ஒரு படி மேலே போனார். அந்தக் குற்றமே நடக்காமல், லவ்லேஸ் மனம் திருந்தும்படி ஒரு மாற்று முடிவையே எழுதிவிட்டார். அது 1982-ல்தான் அச்சேறியது. பிடிக்காத முடிவை ரசிகர்கள் தாங்களே திருத்தி எழுதுவது நேற்று வந்த வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை போலிருக்கிறது.

எழுதுகிறவர் பக்கமிருந்து இதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இன்னொரு கணக்கு. 'லிட்டில் விமன்' முதல் பாகம் 1868-ல் அமெரிக்காவில் வந்தது. நாலு அக்கா தங்கைகள், அதில் ஜோ என்பவள் எழுத்தாளராக ஆசைப்படுகிறவள், பக்கத்து வீட்டு லாரி அவள் தோழன். உடனே சிறு பெண்களிடமிருந்து கடிதங்கள், ஜோவுக்கும் லாரிக்கும் எப்போது கல்யாணம் என்று. எழுதிய லூயிசா மே ஆல்காட்டுக்குக் கோபம். பெண் பிறந்ததே கல்யாணம் செய்துகொள்ளத்தானா என்று டைரியில் பொரிந்து, யாரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று எழுதிவைத்தார். அவருக்கு ஜோவைக் கல்யாணமே ஆகாத எழுத்தாளராக விட்டுவிட ஆசை. ஆனால் கடிதங்களின் நெருக்கடியில் அதற்குத் துணிச்சல் வரவில்லை. 1869-ல் வந்த இரண்டாம் பாகத்தில், ஏட்டிக்குப் போட்டியாக, வயதில் மூத்த ஒரு ஜெர்மன் பேராசிரியரை ஜோவுக்குக் கட்டிவைத்தார். லாரி கடைசித் தங்கை ஏமிக்கு. வாசகர்கள் கேட்டது கிடைக்கவில்லை, எழுதியவர் நினைத்ததும் நடக்கவில்லை. இரு தரப்புக்கும் நஷ்டமான செட்டில்மெண்ட். 150 வருஷம் ஆகியும் அந்தப் பேராசிரியரைப் பற்றி முணுமுணுப்பு ஓயவில்லை.

ஒரு கணக்கு எப்போது வாராக்கடன் ஆகும் என்று எங்களுக்கு முன்கூட்டியே சில அறிகுறிகள் தெரியும். ஜோடிச் சண்டைக்கும் அப்படி உண்டென்று நினைக்கிறேன். முதலாவது, தன் கட்சிக்கு எதிரான பக்கம் புத்தகத்தில் கண்ணுக்கே தெரியாமல் போவது. இரண்டாவது, பேச்சு பாத்திரத்தை விட்டு நழுவி, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்மேல் வந்து விழுவது. முதலாவதற்கு மருந்து உண்டு, மறுபடி படித்தால் போதும். இரண்டாவதற்குத்தான் கஷ்டம். லேடி பிராட்ஷா சாபம் விட்டாலும், வாதத்தைக் கடைசிவரை கிளாரிஸ்ஸாமேலேயே வைத்திருந்தார். அதனால்தான் வாதத்தில் தோற்றும் நண்பரை இழக்கவில்லை.

இதையெல்லாம் பொண்ணுக்குத் தவணை தவணையாக, நாலைந்து ராத்திரி போனில் சொன்னேன். லவ்லேஸைப் பற்றிச் சொன்னபோது "ச்சீ, அவனையா கட்டிக்கச் சொன்னாங்க?" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள். "அவ ஹாரியைச் சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்லப்பா. 'நீ ரான் மாதிரி சுமாரான ஆளைத்தான் கட்டிப்பே, அதான் உனக்கு இது பிடிக்குது'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா."

பன்னிரண்டு நாள் மௌனத்துக்கு அதுதான் காரணம். ஹெர்மயனி வெறும் சாக்கு. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குத் தான் சுமாரா, இல்லையா என்பது எவ்வளவு பெரிய கேள்வி! அதை என்னிடம் நேரடியாகச் சொல்லியிருப்பாளா? மாட்டாள். மார்க் என்ன என்று கேட்கிற அப்பாவிடம் யார் சொல்வார்கள்? நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா என்னைக் கட்டிக்கிட்டப்ப நான் ரானைவிடச் சுமார்தான் கண்ணு" என்றேன். பின்னணியில் தங்கமணி "அதுல என்ன சந்தேகம்" என்பது கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆறாவது புத்தகத்தின் தன் பிரதியை எடுத்து, ரான் ஏன் என்று பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் எழுதி, தோழி வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. "படிச்சிட்டிருப்பாப்பா, ஓரத்துல எழுத டைம் ஆகும்ல" என்கிறாள். ஒன்பது மணிப் பேச்சு இப்போதெல்லாம் பத்தரை வரை போகிறது.

டிஸ்கி: இவ்வளவு படித்தபிறகும் நான் ஹாரி - ஹெர்மயனி கட்சிதான். பொண்ணிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.